வாடகையை ஒரு வருடம் ஏற்றாதீர்கள், மூன்று வருடம் இருக்கிறோம்: வீட்டுக்காரருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை ரூ.22,000, அட்வான்ஸ் ரூ.1,50,000. பதினொரு மாத அக்ரிமென்ட் ஜூன் 30 அன்று முடிகிறது. ஜூலையிலிருந்து ரூ.24,000 வேண்டும் என்று வீட்டுக்காரர் போனில் சொன்னார். அவர் திருச்சியில் இருக்கிறார், ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். மகள் ஜூனில் பத்தாம் வகுப்பு போகிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை வீடு மாற எங்களுக்கு விருப்பமில்லை. இந்த ஒரு வருடம் வாடகையை ஏற்றாமல் விட்டால் மூன்று வருடம் இருப்பதாக உறுதி தரத் தயார். என் கணவருக்கு வங்கி வேலை, மாற்றல் வரலாம். வந்தாலும் நானும் மகளும் இங்கேயேதான் இருப்போம். கடிதத்தை எப்படி எழுத வேண்டும்? — ஒரு வாசகி, சென்னை

பதில்: கடிதம் எழுதுவதற்கு முன்னால் பேப்பரும் பேனாவும் எடுத்து ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். "ஒரு வருடம் ஏற்றாதீர்கள்" என்ற வார்த்தைக்கு மூன்று அர்த்தம் இருக்கிறது. நீங்கள் ஒன்றை நினைத்து எழுதுவீர்கள், அவர் வேறொன்றாகப் படிப்பார். சண்டை இரண்டாவது வருட ஜூலையில் வரும்.

அவர் கேட்டபடியே ஒத்துக்கொண்டால் முதல் வருடம் மாதம் 24,000. வருடம் ஐந்து சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது வருடம் 25,200, மூன்றாவது வருடம் 26,460. மூன்று வருடத்தில் அவர் கைக்கு வருவது ரூ.9,07,920. இப்போது உங்கள் கோரிக்கையை எளிய அர்த்தத்தில் எடுத்துக்கொள்வோம். முதல் வருடம் 22,000, பிறகு அதன்மேல் ஐந்து சதவீதம் ஏற்றி 23,100, அதன்மேல் ஐந்து சதவீதம் ஏற்றி 24,255. மொத்தம் ரூ.8,32,260. அவருக்குக் குறைவது ரூ.75,660. ஒரு வருடம் 2,000 விட்டுக்கொடுத்தால் 24,000தானே நஷ்டம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஆனால் அடிவாடகையே குறைந்துவிடுவதால் அந்த நஷ்டம் அடுத்த இரண்டு வருடமும் கூடவே வருகிறது. ஓய்வு பெற்றவர் என்கிறீர்கள். வாடகை அவருக்குப் பென்ஷன் மாதிரி. இந்தக் கணக்கை அவர் போடாமல் இருக்க மாட்டார்.

இதன் மறுகோடி, முதல் வருடம் மட்டும் 22,000 கொடுத்துவிட்டு இரண்டாவது வருடமே 25,200க்குத் தாவுவது. அப்போது அவருக்கு நஷ்டம் சரியாக 24,000தான். ஆனால் உங்கள் வீட்டு பட்ஜெட்டில் ஒரே மாதத்தில் 3,200 ரூபாய் ஏறும். அதுவும் மகள் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்து பள்ளிக் கட்டணமும் டியூஷன் கட்டணமும் கூடுகிற அதே ஜூலையில்.

நான் சொல்வது நடுவழி. முதல் வருடம் 22,000, இரண்டாவது வருடம் 24,500, மூன்றாவது வருடம் 26,000. மொத்தம் ரூ.8,70,000. அவர் கேட்டதைவிட மூன்று வருடத்தில் 37,920 குறைவு. இந்தத் தொகையை அவர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்கு உங்களிடம் நல்ல காரணம் இருக்கிறது, அது காலண்டரில் இருக்கிறது. ஜூன் 30 அன்று நீங்கள் காலி செய்தால், பெயின்ட் அடித்து, ரிப்பேர் பார்த்து, புரோக்கரிடம் சாவி கொடுப்பதற்குள் ஜூலை இரண்டாவது வாரம் ஆகிவிடும். ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. ஆடியில் பால் காய்ச்சிக் குடியேறும் குடும்பம் சென்னையில் குறைவு. பள்ளிக்காக வீடு தேடுபவர்களும் ஜூன் முதல் வாரத்துக்குள் எங்காவது செட்டில் ஆகிவிடுவார்கள். ஆக, ஆவணி பிறக்கும்வரை வீடு பூட்டிக் கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒன்றரை மாதம் காலியாகக் கிடந்தால் 24,000 வீதம் 36,000 போகும். அதோடு அசோசியேஷன் மெயின்டனன்ஸும் அவர் தலையில் விழும். நீங்கள் கேட்கும் சலுகையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பெயின்ட் செலவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காலி செய்கிறவரின் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்குப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம் என்பது அவருக்குத் தெரியாதா?

இந்த ஆடிக் கணக்கைக் கடிதத்தில் எழுதவும் வேண்டாம். எழுதினால் மிரட்டல் மாதிரி தொனிக்கும். அது உங்கள் மனதில் இருந்தால் போதும். பேரத்தில் எவ்வளவு தூரம் நிற்கலாம் என்று அது உங்களுக்குச் சொல்லும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். உங்கள் அடுக்ககத்திலேயே கடைசியாக வாடகைக்குப் போன இரண்டு படுக்கையறை ஃபிளாட் எவ்வளவுக்குப் போயிற்று? வாட்ச்மேனுக்கோ அசோசியேஷன் செயலாளருக்கோ தெரியும். 23,000க்கும் 24,000க்கும் இடையில் என்றால் தைரியமாகக் கேளுங்கள். 27,000 என்றால், அவர் கேட்கும் 24,000ஏ சலுகைதான். அந்த நிலையில் இப்படி ஒரு கடிதம் போட்டால், மார்க்கெட் ரேட் என்ன என்று அவரையும் விசாரிக்க வைத்ததாகிவிடும். 24,000க்கு ஒத்துக்கொண்டு, அடுத்த இரண்டு வருட ஏற்றத்தை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இனி உங்கள் பக்கத்து வாக்குறுதி. "மூன்று வருடம் இருப்போம்" என்று வெறும் கடிதத்தில் எழுதினால், அல்லது ஒரு முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால், அதற்கு எவ்வளவு பலம்? மிகக் குறைவு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவாக இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவும், சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆவது பிரிவும் சொல்கின்றன. ஊர் முழுக்க எல்லோரும் பதினொரு மாதம் என்று எழுதுவதன் ரகசியம் இதுதான். பதிவு செய்யாமல் மூன்று வருடம் என்று எழுதினால் அது மாதாமாதம் ஓடும் வாடகையாகவே கருதப்படும். இரண்டாவது வருட வாடகை இவ்வளவுதான் என்ற வரியையோ, மூன்று வருடம் காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற வரியையோ காட்டி நீங்கள் நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாது. இத்தனை மாதத்துக்குள் நீங்கள் போகக் கூடாது என்று அவரும் கேட்க முடியாது. அப்படியானால் நீங்கள் விற்க நினைக்கும் சரக்கே காற்றுதான். விவரம் தெரிந்த வீட்டுக்காரர் அதற்காக 37,920 ரூபாயை விட மாட்டார்.

எனவே கடிதத்திலேயே பதிவுக்குத் தயார் என்று சொல்லிவிடுங்கள். செலவைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். முப்பது வருடத்துக்கு உட்பட்ட குத்தகைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். மூன்று வருட வாடகையோடு அட்வான்ஸையும் கூட்டிக் கணக்கு வைத்துக்கொண்டால் 10,20,000க்கு இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 20,400. பத்திரம் எழுதும் கூலி தனி. பதிவுக்குப் போகும் வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுத் தொகையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு மிச்சமாகும் 37,920இல் பாதிக்கு மேல் பதிவுக்கே போய்விடுகிறது, கவனித்தீர்களா? பணத்துக்காக மட்டும்தான் என்றால் இந்த ஏற்பாட்டையே நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பேசாமல் 23,000க்கு பேரம் முடித்துவிட்டுப் பதினொரு மாதத்தில் இருந்துவிடலாம். ஆனால் உங்களுக்கு முக்கியம், மகள் பொதுத்தேர்வு எழுதும்வரை யாரும் எழுப்பிவிடக் கூடாது என்பது. அதைப் பதிவுப் பத்திரம்தான் தரும். நடுவில் அவர் ஃபிளாட்டை விற்றாலும், வாங்குகிறவர் உங்கள் குத்தகையோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். அதற்காகப் பதிவுச் செலவை நீங்களே ஏற்பதாக எழுதலாம். பாதிப் பாதி என்று அவராகச் சொன்னால் சந்தோஷம்.

உங்கள் கணவரின் மாற்றல் விஷயம்தான் அடுத்த சிக்கல். குறைந்தது 24 மாதம் காலி செய்ய மாட்டோம் என்று உறுதி கொடுங்கள், முழு 36 மாதத்துக்கும் வேண்டாம். அதை மீறிப் போக நேர்ந்தால் என்ன தருவீர்கள் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: இரண்டு மாத நோட்டீஸ், அதோடு முதல் வருடத்தில் அனுபவித்த சலுகையான மாதம் 2,000ஐத் திருப்பித் தருவது. எட்டு மாதத்தில் போனால் 16,000, ஒரு வருடம் தாண்டிப் போனால் 24,000. சலுகை கொடுத்து ஏமாந்தோம் என்ற பயம் அவருக்கு இருக்காது. இதை நீங்கள் எழுதாமல் விட்டால், பத்திரம் எழுதுபவர் தன் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய மாதிரியிலிருந்து "மீதி மாதங்களின் வாடகை முழுவதையும் செலுத்த வேண்டும்" என்ற வரியைப் போட்டுவிடுவார். அந்த மாதிரி அபராதத்தை முழுதாக வசூலிக்க நீதிமன்றம் விடாது, ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு நியாயமான இழப்பீடு மட்டும்தான் என்கிறது. ஆனால் அட்வான்ஸ் அவர் கையில் அல்லவா இருக்கிறது? அவர் பிடித்துக்கொண்டால் அதைத் திரும்ப வாங்க அலையப்போவது நீங்கள்தான்.

பத்திரத்தில் வாடகைதாரர் என்று கணவர் பெயரோடு உங்கள் பெயரும் இருக்கட்டும். அவர் மட்டும் வேறு ஊருக்குப் போனால் அப்போது கேள்வி எழாது.

கடிதம் இப்படி இருக்கலாம். உங்கள் நடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், தொகைகளை மட்டும் மழுப்பாதீர்கள்.

> மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,
>
> வணக்கம். தாங்களும் அம்மாவும் நலம் என்று நம்புகிறோம்.
>
> வேளச்சேரி ஃபிளாட்டின் வாடகை ஒப்பந்தம் வரும் ஜூன் 30 அன்று முடிகிறது. ஜூலை முதல் மாத வாடகை ரூ.24,000 எனத் தாங்கள் போனில் தெரிவித்தீர்கள். அது பற்றி எங்கள் யோசனை ஒன்றைத் தங்கள் முன் வைக்கிறோம்.
>
> எங்கள் மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை இதே வீட்டில் இருக்க விரும்புகிறோம். எனவே பதினொரு மாதத்துக்குப் பதிலாக, ஜூலை 1 முதல் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளத் தயாராக இருக்கிறோம். முதல் 24 மாதங்களுக்குள் நாங்களாகக் காலி செய்ய மாட்டோம்.
>
> இதற்கு ஈடாக, முதல் வருடம் மட்டும் வாடகையை இப்போதுள்ள ரூ.22,000ஆகவே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். இரண்டாம் வருடம் ரூ.24,500, மூன்றாம் வருடம் ரூ.26,000 தருகிறோம். தவிர்க்க முடியாத காரணத்தால் 24 மாதங்களுக்குள் காலி செய்ய நேர்ந்தால், இரண்டு மாதம் முன்னதாகத் தெரிவிப்பதோடு, முதல் வருடத்தில் தாங்கள் விட்டுக்கொடுத்த தொகையை, நாங்கள் இருந்த மாதங்களுக்கு மாதம் ரூ.2,000 வீதம், திருப்பித் தந்துவிடுகிறோம்.
>
> ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும் செலவை நாங்கள் ஏற்கிறோம். தங்களிடம் உள்ள அட்வான்ஸ் ரூ.1,50,000 அப்படியே தொடரட்டும்.
>
> இந்த நான்கு வருடங்களில் வாடகை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் தங்கள் கணக்குக்கு வந்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். இனியும் அப்படியே இருக்கும்.
>
> மே 15க்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் மற்ற ஏற்பாடுகளைச் செய்ய வசதியாக இருக்கும். தாங்கள் சென்னை வரும்போது நேரில் பேசவும், நாங்கள் திருச்சி வரவும் தயார்.
>
> இப்படிக்கு,
> தங்கள் உண்மையுள்ள

ஐந்தாம் தேதி பற்றிய வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஓரிரு மாதம் தள்ளிப் போயிருந்தால் "தவறாமல்" என்று மட்டும் போடுங்கள். பாத்ரூம் கசிவு, லிஃப்ட் ரிப்பேர், பக்கத்து பிளாக்கில் வாடகை குறைவு, இதில் எதுவும் இந்தக் கடிதத்தில் வரக் கூடாது. ரிப்பேருக்கு வேறு நாள் இருக்கிறது. குறையும் சலுகையும் ஒரே கடிதத்தில் வந்தால், பிடிக்காத வீட்டில் ஏன் மூன்று வருடம் இருக்கிறார்கள் என்று படிப்பவர் யோசிப்பார்.

அனுப்பும் முறையில், எடுத்த எடுப்பில் ஒப்புகை கேட்கும் தபால் வேண்டாம். நல்ல உறவு இருக்கும் இடத்தில் அது வக்கீல் நோட்டீஸ் மாதிரி போய் விழும். போனில் "ஐயா, ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம், நிதானமாகப் படித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்திட்ட கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அசலைக் கூரியரில் அனுப்புங்கள். போனிலேயே பேரம் பேசி முடித்துவிடாதீர்கள். அங்கே அவர் கடைசியாகச் சொல்லும் எண்தான் நிற்கும், உங்கள் இரண்டாவது, மூன்றாவது வருடக் கணக்கு காற்றில் போய்விடும்.

அவர் வாடகைக்குச் சரி சொல்லிவிட்டு, "ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் எதுக்கும்மா, நம்பிக்கைதானே" என்று சொல்லக்கூடும். பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள், அதில் கெட்ட எண்ணமும் இருக்காது. பதிவான குத்தகை வில்லங்கச் சான்றில் தெரியும், நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவர் கேள்வி கேட்பார் என்ற தயக்கம் ஒன்று. ஃபிளாட்டின் மேல் வீட்டுக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் வாங்க வேண்டியிருக்கலாம் என்பது இன்னொன்று. வற்புறுத்த வேண்டாம். ஆனால் பதிவு இல்லை என்றால் 24 மாத உறுதியும் இல்லை. பதினொரு மாதத்துக்கு 22,000, அதன் பிறகு புதுப்பித்தால் 24,500 என்று எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் கட்டாத தாளில் நீங்கள் மட்டும் கட்டுப்பட்டு, முன்கூட்டிப் போனால் பணம் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

பதினொரு மாதமோ மூன்று வருடமோ, வேறொரு பதிவும் உண்டு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடமும் பதிவாக வேண்டும். tenancy.tn.gov.in தளத்தில் இதைச் செய்யலாம். இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்கு மாற்று அல்ல. பலர் இதை முடித்துவிட்டு அதுவும் முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணம் காட்டிக் காலி செய்யக் கேட்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் வாய்ப்பேச்சில் ஜூலையைத் தாண்ட விடாதீர்கள்.

எதிர்ப் பேரமாக அவர் அட்வான்ஸைக் கூட்டிக் கேட்கலாம். அதே சட்டம், வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. நீங்கள் ஏற்கெனவே கிட்டத்தட்ட ஏழு மாதம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். இதில் இறங்கி வர வேண்டாம். முதல் வருடத்துக்கே 23,000 என்று கேட்டால், மூன்றாம் வருடத்தை 25,500ஆகக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். அப்போது அவருக்குக் கிடைப்பது ரூ.8,76,000. நீங்கள் சொன்னதைவிட 6,000 கூடுதல், இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படி முடிந்தால், திருப்பித் தருவதாகச் சொன்ன மாதம் 2,000ஐயும் 1,000 ஆக்கிவிடுங்கள். முதல் வருடமே 24,000 என்று அவர் அசையாமல் நின்றால், மூன்று வருட உறுதியை வாபஸ் வாங்கிக்கொண்டு வழக்கமான பதினொரு மாதத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள்.

பத்திர நகல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அட்வான்ஸ் வரியை. பழைய ஒப்பந்தத்தின்படி பெற்ற ரூ.1,50,000 இந்தப் புதிய ஒப்பந்தத்தின் அட்வான்ஸாகத் தொடர்கிறது என்று அதில் இருக்க வேண்டும். புதிதாக எழுதும்போது இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு காலி செய்யும் நாளில் பழைய பத்திரத்தைத் தேட வேண்டி வரும். பழையதையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.